கையில் விழுவது எத்தனை?

என் கணவர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். சாப்பாடு, அறை வாடகை போக மிஞ்சுவதை மாதா மாதம் அனுப்புகிறார். பையனின் பள்ளிக்கூடக் கட்டணம், மாமியாருக்கு மருந்து, அடகில் இருக்கும் என் வளையல்களுக்கு வட்டி எல்லாம் அதில்தான். ஆகவே அங்கே அவர் எந்தக் கடையில் பணம் கட்டுகிறார் என்பது இங்கே என் அடுக்களை சமாச்சாரமாகி விட்டது.

அவர் அறைக்குப் பக்கத்தில் இரண்டு எக்ஸ்சேஞ்ச் கடைகள். ஒன்றில் "கட்டணம் இல்லை" என்று பலகை. மற்றதில் வரியோடு சேர்த்து 15 திர்ஹம் வாங்குகிறார்கள். அறையில் இருப்பவர்கள் முதல் கடைக்கே போவார்களாம். கட்டணம் வாங்காதவர் தர்மத்துக்கா கடை வைத்திருக்கிறார்? திர்ஹத்துக்குத் தருகிற விலையில் சில பைசாவைக் குறைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

கணக்குக்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம். கட்டணமில்லாத கடையில் திர்ஹத்துக்கு ரூ. 22.60, மற்றதில் ரூ. 22.90. கையில் 1,500 திர்ஹம் இருந்தால் முதல் கடையில் 33,900 ரூபாய் வரும். இரண்டாவதில் 15 போக 1,485 திர்ஹத்துக்கு 34,006 ரூபாய். கட்டணம் கொடுத்தும் நூறு ரூபாய் லாபம்! ஆனால் 500 திர்ஹம் மட்டும் அனுப்பினால் முதல் கடையில் 11,300, இரண்டாவதில் 11,106தான். சின்னத் தொகையைக் கட்டணம் தின்றுவிடுகிறது. அதனால்தான் "பாதி இப்போ, பாதி பதினைந்தாம் தேதி வேண்டாம்ங்க, ஒரே தடவையா அனுப்பிடுங்க" என்று சொல்லியிருக்கிறேன். கடையில் அவர் கேட்பதும் ஒரே கேள்வி: "இவ்வளவு திர்ஹம் தர்றேன், ஊர்க் கணக்குல எத்தனை ரூபாய் விழும்?"

இனி, விலை ஏறட்டும் என்று காத்திருப்பது. திர்ஹம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டிப் போட்டது. ஆகையால் டாலருக்கு எதிரே ரூபாய் இறங்கினால்தான் நமக்குக் கூடுதல் கிடைக்கும். அதை யார் முன்கூட்டிச் சொல்வது? பத்து நாள் காத்திருந்து பத்து பைசா ஏறினாலும் 1,500 திர்ஹத்துக்கு 150 ரூபாய்தான். என் நகைக் கடன் 50,000. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. பத்து நாளைக்கு 166 ரூபாய் வட்டி ஓடுகிறது! விலை ஏறாவிட்டால் காத்திருந்ததற்குக் கூலி நஷ்டம்தான். கடன் இல்லாத வீட்டில் வேண்டுமானால் பொறுத்துப் பார்க்கலாம்.

சனி, ஞாயிறு மட்டும் அவசரமில்லாவிட்டால் தவிர்க்கச் சொல்வேன். இங்கே சந்தை மூடியிருப்பதால், திங்களன்று விலை மாறினால் என்ன செய்வது என்று கடைக்காரர் கொஞ்சம் குறைத்தே கொடுப்பதுண்டு.

ரசீதை அவர் போனில் அனுப்புவார். அதில் போட்ட ரூபாயும் வங்கிக் கணக்கில் ஏறிய ரூபாயும் ஒன்றுதானா என்று நோட்டில் எழுதிப் பார்க்கிறேன். குறைந்திருந்தால் நடுவில் ஏதோ வங்கி பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்த மாதம் அந்த வழியை விட்டுவிடுகிறோம்.