இலாபம் எங்கே போயிற்று? சத்யம் கணக்கை முன்வைத்துச் சில குறிப்புகள்

இலாபம் ஈட்டும் நிறுவனத்திடம் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லாமற்போவது எப்படி? ஹைதராபாத்தில் கணக்கியல் ஆய்வு செய்யும் எனக்கு, இக்கேள்வி எழும்போதெல்லாம் இந்நகரின் சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நினைவுக்கு வரும்.

முதலில் நேர்மையான நிறுவனம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் ஆண்டு இலாபம் 100 கோடி. பணப்பாய்வு அறிக்கை இந்த இலாபத்திலிருந்தே தொடங்குகிறது. தேய்மானம் 10 கோடி வெறும் ஏட்டுச் செலவு. பணம் வெளியேறவில்லை என்பதால் அதைக் கூட்டுகிறோம். வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய நிலுவை 120 கோடி கூடியிருக்கிறது. விற்பனை ஏட்டில் ஏறிவிட்டது, பணம் வரவில்லை, எனவே கழிக்கிறோம். நாம் பிறருக்குத் தரவேண்டிய பாக்கி 5 கோடி கூடியிருக்கிறது. அது இன்னும் நம் கையில் இருப்பதால் கூட்டுகிறோம். விடை, மைனஸ் 5 கோடி. இலாபம் முழுவதும் நிலுவைக்குள் அடங்கிவிட்டது. நிலுவை விற்பனையைவிட வேகமாக, ஆண்டுதோறும் வளருமாயின் அதுவே எச்சரிக்கை.

சத்யத்தில் இந்த எச்சரிக்கை போதிய அளவு தெரியவில்லை. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தின்படி, 2008 செப்டம்பரில் முடிந்த காலாண்டில் வருவாய் 2,700 கோடி என அறிவிக்கப்பட்டது. உண்மையில் 2,112 கோடி. செயல்பாட்டு இலாபம் 649 கோடி எனப்பட்டது; உண்மையில் 61 கோடி. இரண்டிலும் வேறுபாடு 588 கோடி.

இல்லாத இலாபத்துக்கும் இருப்புநிலைக் குறிப்பில் ஓர் இடம் வேண்டும். அதை நிலுவையில் வைத்தால் மேற்சொன்ன கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே அந்த 588 கோடியும் வங்கி இருப்பில் ஏற்றப்பட்டது. ஆண்டுகள் பல சேர்ந்து, ஏட்டிலிருந்த 5,361 கோடி இருப்பில் 5,040 கோடி வெறும் எண்ணாயிற்று. நிலுவையில் மிகைப்படுத்தியதோ 490 கோடி மட்டுமே. உள்ளே பணம் வற்றியிருந்தது. நிறுவனத்தை நடத்த, கணக்கில் காட்டாத 1,230 கோடி திரட்டப்பட்டதாகவும் அக்கடிதம் கூறியது.

‘இலாபம் ஒரு கருத்து, பணமே உண்மை’ என்று வகுப்பறைகளில் சொல்வதுண்டு. அதன் எல்லை இங்கே தெரிகிறது. பணப்பாய்வு அறிக்கையின் இறுதி வரி வங்கி இருப்போடு பொருந்தினால் போதும். அந்த இருப்பே பொய்யென்றால் அறிக்கை முழுவதும் பொய்யோடு அழகாகப் பொருந்தும். ஆகவே நிலுவை வரியைப் படித்த பின் இரண்டு வினாக்கள் மீதமிருக்கின்றன. இவ்வளவு இருப்புக்கு ஏற்ற வட்டி ரொக்கமாக வந்திருக்கிறதா? சத்யத்தில் சேர்ந்துள்ளதாகக் காட்டிய 376 கோடி வட்டியும் இல்லாததே. இருப்புக்கான சான்று, நிறுவனத்தின் கை படாமல், வங்கியிடமிருந்து தணிக்கையாளருக்கு நேரே வந்ததா? இந்த இரண்டாம் வினாவுக்கான விடை அறிக்கைக்கு வெளியேதான் இருக்கிறது.