உதகைக்குப் பதில் கோத்தகிரி

கோடை விடுமுறைக்கு உதகமண்டலம் போகவேண்டுமென்று மனைவி ஆசைப்பட, கணவனுக்கோ ஜனநெருக்கடியில்லாத ஓர் ஊரில் நாலு நாள் இருந்துவிட்டு வரத் தோன்றுமாயின், அதைப் பேசித் தீர்ப்பதைக் காட்டிலும் ஒரு கடிதமாக எழுதுவதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் பேச்சில் நம் பக்கத்து நியாயம் மட்டுமே முந்திக்கொள்ளும், காகிதத்திலோ எதிர்ப்பக்கத்துக்கும் இடம் விட்டாக வேண்டும். தாய்வீட்டிலிருந்த என் மனைவிக்குச் சித்திரையில் நான் அவ்வாறே எழுதினேன்.

கோத்தகிரியின் குறைகளையே முதலில் சொன்னேன். உதகையைப்போல் அங்கே படகு விடும் ஏரி இல்லை. பெரிய தாவரவியல் பூங்கா இல்லை. மலை ரயிலும் அவ்வூருக்குப் போவதில்லை. உயரம் குறைவாகையால் குளிரும் சற்றுக் குறைவு. சீசன் காலத்தில் உதகையிலிருந்து இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவதுண்டு என்பதால், கடைவீதியை ஒட்டித் தங்கினால் அமைதியும் கிட்டாது. ஆகவே கோடநாடு செல்லும் சாலையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அறை பார்ப்பதாக எழுதினேன்.

நிறைகளைச் சொல்லுகையில், மே மாதத்து உதகையில் பகலில் பாதி காருக்குள்ளேயே கழிந்துவிடும் என்பதை நினைவூட்டி, கோடநாடு காட்சி முனையில் நின்றால் மாயாறு கீழே பள்ளத்தாக்கில் மெல்லிய வெள்ளிக் கம்பியாக வளைந்தோடுவதை அவசரமின்றிப் பார்க்கலாம் என்றேன். உதகையை உருவாக்கிய ஜான் சல்லிவன்கூட 1819-இல் முதலில் வீடு கட்டிக்கொண்டது கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில்தான் என்பதையும், அவ்வீடு இன்றும் நிற்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

ஆயினும் அவள் உதகையை விரும்பியதற்கு முக்கிய காரணம் மலை ரயில் என்பதை நான் அறிவேன். அதைப் பறித்துவிட்டு அமைதியைத் தருவது நியாயமாகாது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரையுள்ள 46 கிலோமீட்டரில், பல்சக்கரம் பற்றி ஏறும் செங்குத்தான பகுதி கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில்தான் இருக்கிறது. ஆதலால் காலை ரயிலில் குன்னூர் வரை சென்று இறங்கி, அங்கிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் பஸ்ஸில் போய்க் கோத்தகிரி சேரலாம். பிறகு, சனி ஞாயிறு அல்லாத ஒரு நாளில் விடியற்காலையே புறப்பட்டு, கூட்டம் சேருமுன் உதகைப் பூங்காவைப் பார்த்துத் திரும்பலாம். இவ்வளவுக்குப் பின்னும் அவளுக்குக் கோத்தகிரி சலித்துப்போனால் கடைசி இரவை உதகையிலேயே கழிப்பதாகவும், அதற்கு நான் முகம் சுளிப்பதில்லை என்றும் வாக்களித்தேன்.

அவள் சம்மதித்துப் பதில் எழுதினாள். படகு சவாரியும் வேண்டுமென்று ஒரு வரி சேர்த்திருந்தாள், அதுவும் நியாயமே. இவ்விதம் ஏற்பாடு செய்துகொள்ள நினைப்பவர்கள் மலை ரயிலுக்கு முன்கூட்டியே இடம் பதிவு செய்துவிட்டு, அது கிடைத்த தேதியை வைத்தே மற்ற நாட்களை வகுத்துக்கொள்வது நலம்.