ஷட்டரில் எழுதியிருந்த பெயர்

போன ஆடி மாசத்தில் ஒரு நாள், ஆபீஸ் மீட்டிங் நடுவில் அப்பாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. பாங்க் அனுப்பிய கடிதம். கீழே வாய்ஸ் மெசேஜ்: "கண்ணு, இதென்னமோ இன்சூரன்ஸ்ல பாங்க் பேர் வேணுங்கறாங்க. பதினஞ்சு நாள்ல குடுக்கோணுமாம். பிரீமியம் கட்டறது நானு, பேரு அவிங்களுதா?"

அப்பாவுக்குத் திருப்பூரில் சின்ன பனியன் கம்பெனி. நூல் வாங்கி, நிட்டிங், டையிங், காம்பாக்டிங் எல்லாம் வெளியே கொடுத்து வாங்கி, வெட்டித் தைப்பது மட்டும் நம்ம ஷெட்டில். சரக்குக்கு கேஷ் கிரெடிட், ஓவர்லாக், ஃப்ளாட்லாக் மெஷின்களுக்கு டேர்ம் லோன், இரண்டும் ஒரே பாங்கில். கடிதம் சொன்னது இவ்வளவுதான்: ஹைப்பாதிகேஷனில் இருக்கும் சரக்குக்கும் மெஷினுக்கும் எடுத்த தீ இன்சூரன்ஸ் பாலிசியில் பாங்கை லாஸ் பேயியாகச் சேர்த்து, அந்த எண்டார்ஸ்மென்ட்டின் நகலைக் கொடுக்கவும்.

முதலில் எனக்கும் அது வெறும் படிவ வேலையாகத்தான் தெரிந்தது. டேட்டாபேஸில் ஒரு காலம் காலியாக இருக்கிறது, நிரப்பினால் போதும் என்கிற மாதிரி. ஏஜென்ட் அண்ணனும் அப்படித்தான் சொன்னார். "பாங்க் கிளாஸ்தானே தம்பி, ஒரு லெட்டர், சாங்ஷன் லெட்டர் ஜெராக்ஸ், பிராஞ்ச் பேரு குடுங்க. காசு ஒண்ணும் ஆகாது." லாஸ் பேயி என்று கடிதம் கேட்பதை நம்ம ஊர் தீ பாலிசியில் அக்ரீட் பாங்க் கிளாஸ் என்பார்கள்.

அப்பாவின் கேள்விக்குப் பதில் சொல்ல, ஹைப்பாதிகேஷன் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. நகையை அடகு வைத்தால் நகை பாங்க் பெட்டகத்தில் இருக்கும். துணியை அப்படி வைக்க முடியாது, தினமும் வெட்ட வேண்டும், விற்க வேண்டும். அதனால் சரக்கு நம்மிடமே இருக்கும், அதன் மேல் உரிமை மட்டும் பாங்குக்கு. எங்கள் ஷட்டரில் பெயின்டில் எழுதியிருக்கும் பாங்க் பெயர் அதைத்தான் சொல்கிறது. நகை எரியாது. துணி எரியும். எரிந்தால் பாங்கின் உரிமை எதன் மேல் நிற்கும்? சரக்குக்குப் பதிலாக வரும் இன்சூரன்ஸ் பணத்தின் மேல். அந்தப் பணம் வேறு பாங்கில் இருக்கும் கணக்குக்குப் போய்விட்டால் அதுவும் இல்லை. அதனால்தான் பெயர் கேட்கிறார்கள்.

இதைச் சொன்னதும் அப்பா, "அப்ப எரிஞ்சா பணம் அவிங்களுக்கு. நமக்கு?" என்றார். எனக்குத் தெரியவில்லை. மாமாவுக்குப் போன் பண்ணினேன். சில வருடங்களுக்கு முன் அவர் குடோனில் தீப்பிடித்தது.

"மாப்ள, எம்பட பாலிசில பாங்க் பேரு எல்லாம் கரெக்டாத்தான் இருந்துச்சு," என்று ஆரம்பித்தார். அவர் சொன்ன கணக்கை எளிதாக்கித் தருகிறேன். வட்டி, எக்ஸஸ், கொடுக்க வேண்டிய நூல் பாக்கி எல்லாவற்றையும் விட்டுவிடலாம்.

தீப்பிடிப்பதற்கு முன் குடோனில் சரக்கு 40 லட்சம். பாங்க் 25 சதவீதம் மார்ஜின் பிடித்துக்கொள்ளும். அதனால் அவர் எடுக்கக்கூடிய உச்சம், அதாவது டிராயிங் பவர், 30 லட்சம். எடுத்திருந்தது 29. ஒரு ராத்திரி மெயின் போர்டில் ஷார்ட் ஆகி, பக்கத்தில் அடுக்கியிருந்த ரோல்கள் பிடித்துக்கொண்டன. எரிந்தது 12 லட்சம்.

பாலிசியில் சரக்குக்குப் போட்டிருந்த தொகை 30 லட்சம். எரிந்தது 12தானே, 30க்குள்தானே இருக்கிறது என்று மாமா நினைத்தார். சர்வேயர் அப்படிப் பார்க்கவில்லை. 40 லட்சம் சரக்கை 30க்கு இன்சூர் செய்தால், நாலில் ஒரு பங்கு ரிஸ்க்கை நீங்களே சுமப்பதாக அர்த்தம். அதனால் இழப்பிலும் நாலில் மூன்று பங்குதான். 9 லட்சம்.

(2021 ஏப்ரலிலிருந்து, ஒரே இடத்தில் 5 கோடி வரை மதிப்புள்ள தொழில்களுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பொதுவான பாலிசி இருக்கிறது. அதில் 15 சதவீதம் வரையான குறைவைக் கண்டுகொள்ள மாட்டார்கள். மாமா 34 லட்சத்துக்குப் போட்டிருந்தால் அதன்படி முழு 12 லட்சமும் கிடைத்திருக்கும். 4 லட்சத்துக்கான பிரீமியம் மிச்சம் பிடித்ததில் 3 லட்சம் போயிற்று.)

ஆனால் மாமாவை அழ வைத்தது அந்த 3 லட்சம் இல்லை. தீ அணைந்த மாசம் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்டில் சரக்கு 28 லட்சம். டிராயிங் பவர் 21 ஆகிவிட்டது. எடுத்திருந்ததோ 29. ஒரே ராத்திரியில் கணக்கு 8 லட்சம் ஓவராகிவிட்டது. கிளெய்ம் பணம் வந்தால் சரியாகிவிடும்தான். ஆனால் சர்வேயர் வந்து, பில் கேட்டு, ஜிஎஸ்டி ரிட்டர்ன் கேட்டு, பாங்குக்குக் கொடுத்த ஸ்டேட்மென்டோடு ஒப்பிட்டு, ரிப்போர்ட் கொடுத்து, பணம் வர அஞ்சு மாசம். டிராயிங் பவரைத் தாண்டி 90 நாள் தொடர்ந்து நின்றால் கணக்கு வாராக்கடன். அந்தக் கடிகாரம் சர்வேயருக்காக நிற்காது.

"ரெண்டரை மாசத்துல மேனேஜர் கூப்ட்டாரு. அப்புறம் உங்கத்தை நகையத்தான் வெச்சோம்."

8 லட்சத்தை நகைக்கடன் வாங்கிக் கட்டினார்கள். அஞ்சாவது மாசம் 9 லட்சம் வந்தது, பாங்க் கிளாஸ்படி நேராக கேஷ் கிரெடிட் கணக்கில். 21ல் நின்ற கடன் 12 ஆயிற்று. 9 எடுக்கலாம். 8 நகைக்குப் போனது. கையில் நின்றது 1 லட்சம், தீக்கு முந்தின நாள் எடுக்க மிச்சமிருந்த அதே 1 லட்சம். 12 லட்சம் துணி மட்டும் இல்லை. "பணம் வந்தா நூல் எறக்கலாம்னு நெனச்சேன் மாப்ள. வந்துச்சு, ஆனா எங்கிட்ட வரல."

பாங்க் ஏமாற்றியது என்று மாமா சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். கடன் குறைந்திருக்கிறது, அது அவர் கடன்தான். ஆனால் இன்சூரன்ஸ் என்றால் எரிந்த சரக்கு திரும்பி வரும் என்று நாம் நினைக்கிறோம். அந்த கிளாஸோடு சேர்ந்தால், எரிந்த சரக்கின் மேல் வாங்கிய கடன்தான் முதலில் திரும்பிப் போகும்.

அன்று ராத்திரி பாங்க் கிளாஸை முழுதாகப் படித்தேன். ஒரு பக்கம்கூட இல்லை. பணம் பாங்குக்குப் போகும், பாங்க் கொடுக்கும் ரசீது எல்லோரையும் கட்டுப்படுத்தும். இதுவரை எதிர்பார்த்ததுதான். அதற்குப் பிறகு ஒன்று வருகிறது, அதை மூன்று தரம் படித்தேன். பாங்குக்குத் தெரியாமல் நாம் ரிஸ்க்கை ஏற்றிவிட்டாலும் பாங்கின் பங்குக்கு பாலிசி செல்லும். உதாரணமாக, தையல் ஷெட்டில் சொல்லாமல் பிரின்டிங் கெமிக்கல் கேன்களை அடுக்கி வைத்திருக்கிறோம், தீப்பிடித்தது. கம்பெனி நம் கிளெய்மை நிராகரிக்கலாம். பாங்குக்குப் பணம் கொடுக்கும். கொடுத்துவிட்டு, நமக்குத் தரவேண்டிய பொறுப்பு இல்லை என்று சொன்னால், அந்த அளவுக்கு பாங்கின் இடத்தில் தான் வந்து நின்றுகொள்ளும். கடன் அழியாது, கடன்காரர் மாறுவார்.

அப்பாவின் முதல் கேள்விக்கு இதுதான் பதில் என்று தோன்றியது. பிரீமியம் நாம் கட்டுகிறோம், ஆனால் ஒரே பாலிசிக்குள் இரண்டு பாலிசி இருக்கிறது. நம்முடையது நம் நடத்தையைப் பொறுத்தது. பாங்கினுடையது அப்படியில்லை.

சனிக்கிழமை ஊருக்குப் போய் பாலிசியையும் கடைசி ஸ்டாக் ஸ்டேட்மென்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கடிதம் கேட்காத எல்லாமே தப்பாக இருந்தது.

பாலிசியில் இருந்த முகவரி பழைய ஷெட். மெஷின்களை இந்த ஷெட்டுக்கு மாற்றி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பாலிசி நம் பெயரைப் பார்ப்பதில்லை, அதில் எழுதிய இடத்தைப் பார்க்கிறது. இங்கே மெஷின் எரிந்தால், அங்கே ஒன்றும் எரியவில்லை. சரக்கு ஸ்டேட்மென்டில் 32 லட்சம், பாலிசியில் 25. அந்த 32லும் 9 லட்சம் நம் கூரைக்குக் கீழேயே இல்லை. டையிங்கிலும் காம்பாக்டிங்கிலும் கிடந்தது. அது நம் சரக்கு, பாங்குக்கு எழுதிக் கொடுத்த சரக்கு, எந்த பாலிசியிலும் இல்லாத சரக்கு.

"டையிங்காரரு இன்சூரன்ஸ் வெச்சிருப்பாருங்கல்ல?" என்றார் அப்பா.

"அவரு அவரு மெஷினுக்கு வெச்சிருப்பாருங்கப்பா. நம்ம துணிக்கு வெச்சிருக்காரான்னு யாராச்சும் கேட்டோமா?"

கேட்கவில்லை.

ஏஜென்ட் அண்ணனுக்கு ஒரே கடிதமாக எழுதினோம். பாங்க் பெயர், பிராஞ்ச், இரண்டு கடன் கணக்கு எண்கள். மெஷினுக்குப் புது முகவரி. சரக்குக்கு ஃப்ளோட்டர், அதாவது ஷெட், டையிங், காம்பாக்டிங் மூன்று முகவரிக்கும் சேர்த்து ஒரே தொகை, 35 லட்சம். இதற்குக் கூடுதல் பிரீமியம் உண்டு. அப்பா தொகையைப் பார்த்து முகம் சுளித்தார். நான் மாமாவின் 4 லட்சத்தை ஞாபகப்படுத்தினேன். எதுவும் பேசாமல் கட்டினார்.

நாலு நாளில் எண்டார்ஸ்மென்ட் வந்தது. பாங்க் பெயர் துல்லியமாக இருந்தது, பிராஞ்சோடு. முகவரி பழைய ஷெட். "பாங்க் கேட்டது இதுதான தம்பி, இத குடுத்துருங்க, மத்தது மெதுவா வரும்" என்றார் அண்ணன். கொடுத்திருந்தால் பாங்க் வாங்கி ஃபைலில் வைத்திருக்கும், கெடு முடிந்திருக்கும். அதுதான் இதில் ஆபத்து. கேட்டவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டால், மிச்சத்தைக் கேட்க யாரும் இல்லை. திருப்பி அனுப்பினோம். பதிமூன்றாம் நாள் மூன்று முகவரிகளோடு வந்தது.

பாங்கில் கொடுக்கும்போது மேனேஜரிடம் ஒன்று கேட்டேன். மெஷின் எரிந்து பணம் வந்தால், டேர்ம் லோனில் கழிப்பீர்களா, புது மெஷின் வாங்க விடுவீர்களா? எங்கள் பாலிசியில் மெஷினுக்குப் புது விலை கிடைக்க வேண்டுமென்றால், புது மெஷின் வாங்கிப் போட்டாக வேண்டும். பணத்தைக் கடனில் கழித்துவிட்டால் எதை வைத்து வாங்குவது? அவர் சிரித்துவிட்டு, "அப்ப பாத்துக்கலாம் சார், அக்கவுன்ட் ரெகுலரா இருந்தா கன்சிடர் பண்ணுவோம்" என்றார். எழுத்தில் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அப்பா ஸ்டாக் ஸ்டேட்மென்ட் படிவத்தை எடுத்து வைத்திருந்தார். மாசக் கடைசி. "போன மாசத்தையே போட்டுடலாம் கண்ணு, பெருசா ஒண்ணும் மாறல" என்றார். பிறகு அவரே கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இல்ல, வேண்டாம். நீ ஷெட்டுக்குப் போயி ரோலை எண்ணு. நா டையிங்குக்குப் போன் பண்றேன்" என்று எழுந்தார்.