வார்த்தை தெரியும், வாய்தான் வரல

1/
"இங்கிலீஷ் பேச பயமா இருக்கு டாக்டர், என்ன பண்றது?"ன்னு இன்பாக்ஸில் நிறைய பேர் கேட்கிறீங்க. கல்வராயன் மலையில் இருந்து மருத்துவம் படிக்க வந்த ஒரு தங்கையை வைத்தே இதைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

2/
வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். பள்ளிப்படிப்பு முழுக்கத் தமிழ் வழி. மூன்றாம் வருடம் வார்டில் நோயாளியைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். எழுந்து நிற்பார், நாக்கு வறண்டு போகும், கை நடுங்கும், முதல் வரியிலேயே நின்றுவிடுவார். "எல்லாம் தெரியும் சார், நின்னதும் மறந்துடுது" என்றார்.

3/
முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இது மொழி தெரியாததா, பயமா? அதே கேஸைத் தனியாக உட்கார்ந்து பத்து நிமிடத்தில் எழுதச் சொன்னேன். ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டார். இலக்கணப் பிழை இருந்தது, ஆனால் விஷயம் முழுசாக இருந்தது. அப்படியென்றால் பிரச்சினை பயம். எழுதவும் வரவில்லை என்றால் முதலில் மொழியைக் கற்கணும். தமிழில் பேசவும் இதே நடுக்கம் இருந்தால் அது வேறு, மனநல மருத்துவரைப் பார்க்கணும்.

4/
ஏன் மறந்து போகிறது? பேசும்போது மூளை வார்த்தையைத் தேடணும், வாக்கியத்தைக் கோர்க்கணும். அதே நேரத்தில் "சிரிக்கிறாங்களா? தப்பா சொல்லிட்டேனா?"ன்னு தன்னையே கண்காணிக்கவும் ஆரம்பித்தால், தேடுவதற்கு இடம் இருக்காது. கூடவே அட்ரினலின் சுரந்து இதயம் படபடக்கும். அந்தப் படபடப்பே "நான் மாட்டிக்கிட்டேன்" என்ற நினைப்பைக் கூட்டும்.
1986இல் ஹார்விட்ஸ் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் இதை மற்ற பயங்களில் இருந்து பிரித்து, அளக்க 33 கேள்விகள் கொண்ட பட்டியலே போட்டார்கள். அடுத்தவர் நம்மை எப்படி எடை போடுவார் என்ற பயம் அதில் ஒரு முக்கியப் பகுதி.

5/
இந்தத் தங்கைக்கு அது ஆங்கிலத்தில் தொடங்கவில்லை. மலையில் இருந்து இறங்கிக் கீழ்நாட்டுப் பள்ளியில் சேர்ந்தபோது, அவர் பேசிய மலைத் தமிழின் இழுவையைக் கேட்டு வகுப்பே சிரித்ததாம். அன்றிலிருந்து வாயைக் குறைத்துக்கொண்டார். பேசாமல் இருந்தால் உடனே நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதிதான் பயத்துக்கு உரம். தவிர்க்கத் தவிர்க்க அது வளரும்.

6/
சரி, என்ன செய்தோம்?
முதல் வரியை மட்டும் மனப்பாடம்: வயது, தொழில், பிறகு "கேம் வித் கம்ப்ளைண்ட்ஸ் ஆஃப் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்". பயம் உச்சத்தில் இருப்பது தொடக்கத்தில்தான், அந்த வரி தானாக வரணும். மீதியை மனப்பாடம் செய்யக் கூடாது. ஒரு சொல் நழுவினால் எல்லாம் நழுவும்.

7/
அடுத்தது 4-3-2 பயிற்சி. ஒரே கேஸை ஒரு தோழியிடம் 4 நிமிடம், இன்னொருவரிடம் 3 நிமிடம், மூன்றாமவரிடம் 2 நிமிடம் சொல்லணும். கேட்பவர் மாறணும், இல்லையென்றால் கதை சொல்வது போலி ஆகிவிடும். மூன்றாவது தடவை வார்த்தை தேடும் வேலை குறைந்திருக்கும், மூளைக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். இதன் குறை: வேகம் வரும், ஆனால் பிழையும் அப்படியே படியலாம். அதனால் முடிந்த பிறகு இரண்டே இரண்டு பிழையைத் திருத்தினோம்.

8/
படியும் முக்கியம். முதலில் அறைத்தோழிகள், பிறகு நான்கு பேர், பிறகு வார்டு. ஒவ்வொரு படியிலும் படபடப்பு இறங்கும் வரை நிற்கணும். பாதியில் உட்கார்ந்தால் பழைய பாடமே மறுபடி பதியும். சொல் வரவில்லை என்றால் "ஐ வில் கம் பேக் டு தட், சார்" என்று அடுத்ததற்குப் போகலாம்.

9/
"நடுக்கத்துக்கு ப்ரொப்ரனலால் போடலாமா?"ன்னு கேட்பவர்களுக்கு: கை நடுக்கம் குறையலாம், வார்த்தை வராது. ஆஸ்துமா இருந்தால் ஆபத்து. நீங்களாக வாங்கிப் போடாதீங்க.

10/
ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். நடுவில் திருத்தாதீங்க. கேள்வி கேட்டால் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்க. "ஹி ஹேவ் ஃபீவர்" என்றால், "ஓகே, ஹி ஹேஸ் ஃபீவர், சின்ஸ் வென்?" என்று சரியான வடிவத்தைச் சொல்லி நகருங்க.

இரண்டு மாதம் ஆனது. தங்கைக்குப் படபடப்பு இன்னும் இருக்கிறது, இழுவையும் இருக்கிறது. ஆனால் கேஸை முடித்துவிட்டுத்தான் உட்காருகிறார். அளவுகோல் அதுதான்.