பிடிஎஃப் பூட்டு எதைப் பூட்டுகிறது?

எங்கள் டிடிபி கடைக்கு வினாத்தாள் அடிக்க வரும் டியூஷன் ஆசிரியர்கள் கடைசியில் ஒன்று கேட்பார்கள்: "பிடிஎஃப்பா மாத்தி, யாரும் பிரிண்ட் எடுக்க முடியாதபடி லாக் போட்டுக் கொடுங்க." போட்டுக் கொடுப்பேன். அந்த லாக் எவ்வளவு தாங்கும் என்பதையும் சொல்லியே அனுப்புவேன்.

லிப்ரே ஆபீஸில் Export as PDF போய், Security பக்கத்தில் Set Passwords அழுத்தினால் இரண்டு பாஸ்வேர்டு கேட்கும். ஒன்று கோப்பைத் திறப்பதற்கு, இன்னொன்று அனுமதிகளுக்கு. இரண்டாவதைக் கொடுத்த பிறகே, அச்சிடுவதற்கும் திருத்துவதற்கும் Not permitted என்று குறிக்க முடியும். வேர்டில் நேரடியாக பிடிஎஃப் ஆக்கினால் முதல் வகை மட்டுமே உண்டு.

முதலாவது உண்மையான பூட்டு. உள்ளே இருக்கும் எழுத்தெல்லாம் மறையாக்கப்பட்டுவிடும். பாஸ்வேர்டு இல்லாமல் எந்த மென்பொருளாலும் படிக்க முடியாது. ஆனால் பாஸ்வேர்டு ஊகிக்கக்கூடியதாக இருந்தால் பயனில்லை. பதிவிறக்கும் ஆதார் பிடிஎஃப்பை நினைத்துப் பாருங்கள்: பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான் பாஸ்வேர்டு. நம்மைத் தெரிந்தவர் எவரும் திறந்துவிடலாம்.

இரண்டாவதை மட்டும் போட்டால் கதை வேறு. அப்போதும் கோப்பு மறையாக்கப்படுகிறது. ஆனால் திறக்கும் பாஸ்வேர்டு வெறுமையாக இருப்பதால், எந்த ரீடரும் கேட்காமலே திறந்துவிடும். பக்கத்தைத் திரையில் காட்ட வேண்டுமானால் எழுத்தைப் பிரித்தெடுத்தே ஆக வேண்டும். பிரித்தெடுத்த பிறகு, 'அச்சிடாதே' என்பது கோப்புக்குள் இருக்கும் ஒரு குறிப்பு மட்டுமே, 'இங்கே நிறுத்தாதீர்' என்று சுவரில் எழுதிவைப்பது போல. அக்ரோபாட் ரீடர் அதை மதிக்கும். ஓகுலரிலோ Obey DRM limitations என்பதில் டிக்கை எடுத்துவிட்டால் போதும், அச்சாகிவிடும்.

நான் பூட்டிக் கொடுக்கும் கோப்பை வாடிக்கையாளர் முன்னாலேயே இப்படிச் சோதித்துக் காட்டுவதுண்டு:

```
qpdf --decrypt vinathal.pdf pudhiyathu.pdf
```

பாஸ்வேர்டு எதுவும் கேட்காமல், தடையில்லாத புதுக் கோப்பு வந்து நிற்கும். இது தெரியாதவர்கூடத் திரையை செல்போனில் படம் பிடித்து அச்செடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் தடை வீண் வேலையா? இல்லை. அலுவலகத்தில் ஒருவர் கைதவறி விலைப்பட்டியலை மாற்றிவிடாமல் அது காக்கும். வேண்டுமென்றே மாற்றுபவரைத் தடுக்காது. மாற்றியதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் டிஜிட்டல் கையொப்பம் போடுங்கள். பிறகு யார் திருத்தினாலும் சரிபார்க்கும்போது தெரிந்துவிடும். வெளியே போகக் கூடாத வினாத்தாள் என்றால் நீளமான திறப்பு பாஸ்வேர்டு வைத்து, அதைக் கோப்போடு அனுப்பாமல் போனில் சொல்லுங்கள். அதையும், நம்பத் தகுந்தவருக்கு மட்டும் சொல்லுங்கள். திறக்க முடிந்தவரின் கையில் அச்சிடும் வழியும் இருக்கிறது.