சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள்

ஐ.டி. நிறுவனங்களுக்கு ஆள் எடுக்கும் வேலையில் இருப்பவள் நான். ஆஃபர் லெட்டரில் '24 மணி நேரத்துக்குள் பதில் தரவும்' என்ற வரியை எழுதி அனுப்புவதும், அதைப் படித்துவிட்டுப் பதறி அழைப்பவர்களிடம் பேசுவதும் என் வேலைதான். அந்த வரி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பதில் எழுதுவது எளிது.

சென்னையிலும் பெங்களூரிலும் பல நிறுவனங்களில் நோட்டீஸ் பீரியட் 60 அல்லது 90 நாள். இன்று ஆஃபரை ஏற்றுக்கொள்பவர் மூன்று மாதம் கழித்துத்தான் வந்து சேருவார். அந்த இடைவெளியில் எங்கள் கடிதத்தை வேறொரு இடத்தில் காட்டிக் கூடுதலாகக் கேட்டுவிட்டு, சேர வேண்டிய நாளில் போனை எடுக்காமல் விடுபவர்கள் உண்டு. தேர்வில் இரண்டாவதாக வந்தவரையும் அதற்குள் இழந்திருப்போம். கெடு வைக்க வைப்பது இந்த பயம்தான். நீங்கள் மூன்று நாள் கேட்கும்போது மூன்று நாள் போகிறதே என்று நாங்கள் கவலைப்படுவதில்லை. அந்த மூன்று நாளில் கடிதம் எங்கெல்லாம் போகும் என்பதுதான் கவலை. 'யோசித்துச் சொல்கிறேன்' என்ற பதில் அந்தக் கவலையை வளர்க்கிறது. நாளும் மணியும் காரணமும் சொல்லும் பதில் அதைக் குறைக்கிறது.

எல்லாக் கெடுவும் ஒரே மாதிரி இறுக்கமானதும் அல்ல. 'இந்த நேரம் எதனால் குறிக்கப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாமா?' என்று போனில் பணிவாகக் கேளுங்கள். தவறாக எடுத்துக்கொள்ள மாட்டோம். 'காலாண்டு முடிவதற்குள் இந்த இடத்தை நிரப்பியாக வேண்டும், இல்லையென்றால் ஒப்புதல் போய்விடும்' என்று பதில் வந்தால் அந்தத் தேதி உண்மையிலேயே நகராது. 'இன்னொருவர் காத்திருக்கிறார்' என்றால் ஒரு வேலை நாள் வரை நகரும், அதற்கு மேல் கடினம். 'கம்பெனி வழக்கம் அதுதான்' என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் நகரும்.

சமீபத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். டெஸ்டிங் வேலையில் ஆறு வருட அனுபவம் உள்ள ஒரு பெண். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அவருக்கு எங்கள் கடிதம் போனது, கெடு சனிக்கிழமை மாலை ஆறு. வேறொரு நிறுவனத்தில் அவருக்கு இறுதிச் சுற்று செவ்வாய்க்கிழமை இருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் அவரிடமிருந்து மெயில் வந்தது. அதன் சாரம் இது:

'கடிதம் கிடைத்தது, நன்றி. குழுவுடன் பேசியது எனக்குப் பிடித்திருந்தது. முடிவு சொல்லும் முன் இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும்: வேரியபிள் எதை வைத்துக் கணக்கிடப்படும், ஜாயினிங் போனஸை எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும். நான் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒரு நேர்காணல் செவ்வாய் காலை இருக்கிறது. அன்று மதியம் 12 மணிக்குள் உறுதியான பதில் தருகிறேன். அதற்கு மேல் ஒரு நாளும் கேட்க மாட்டேன். இந்தக் கடிதத்தை வேறு எங்கும் காட்டவும் மாட்டேன்.'

மெயில் அனுப்பிய கையோடு போனிலும் கூப்பிட்டார். 'மேடம், மெயில் பார்த்தீங்களா? நேரம் கேட்டிருக்கேன், முடியுமான்னு சொன்னா போதும்' என்றார். நான் உடனே மேலாளரிடம் போனேன். அவர் கேட்டது ஒன்றுதான்: 'வருவாங்களா, சும்மா இழுக்கிறாங்களா?' அந்த மெயில் இல்லாமல் இதற்கு என்னால் பதில் சொல்லியிருக்க முடியாது. அதே கோரிக்கை சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு வந்திருந்தால், ஒப்புதல் தர வேண்டியவர்கள் விடுமுறையில் இருந்திருப்பார்கள், கெடு தானாகவே முடிந்திருக்கும். ஆஃபர் கிடைத்தவர்கள் அதிகம் தவறவிடுவது இந்த முதல் சில மணி நேரத்தைத்தான். பதில் தயாரான பிறகு எழுதலாம் என்று காத்திருக்கிறார்கள். முடிவு பிறகு வரட்டும், கோரிக்கை முதலில் வர வேண்டும்.

செவ்வாய் கிடைக்கவில்லை. திங்கள் மாலை ஐந்து மணி வரை தந்தோம். அவர் சனிக்கிழமையே அந்த இன்னொரு நிறுவனத்துக்கு எழுதினார்: ஒரு ஆஃபர் வந்திருக்கிறது, திங்கள் ஐந்து மணிக்குள் பதில் தர வேண்டும், இறுதிச் சுற்றைத் திங்கள் காலைக்கு மாற்ற முடியுமா? எங்கள் பெயரையோ தொகையையோ அதில் குறிப்பிடவில்லை. குறிப்பிடத் தேவையும் இல்லை. நேரம் மட்டும்தான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்லி அவசரப்படுத்துவதை நான் யாருக்கும் சொல்லித்தர மாட்டேன். 'லெட்டரைக் காட்டுங்கள்' என்ற ஒரு கேள்வியில் அது உடைந்துவிடும்.

அவர்களால் மாற்ற முடியவில்லை. இனி ஒப்பிட வேறு ஆஃபர் கிடையாது, கையில் இருக்கும் கடிதம் மட்டும்தான். அதை எப்படிப் படிப்பது என்பதுதான் அந்த வார இறுதியின் வேலை. எங்கள் கடிதத்தில் சி.டி.சி. 18 லட்சம். அவர் அப்போது வாங்கியது 13. பெரிய ஏற்றம் போலத் தெரியும். ஆனால் அந்த 18-இல் ஜாயினிங் போனஸ் 1.5 லட்சம், அது ஒரே ஒரு முறை. வேரியபிள் 2 லட்சம், கம்பெனியின் லாபத்தைப் பொறுத்தது. மீதி 14.5 லட்சம்தான் நிலையானது. பழைய வேலையில் நிலையான தொகை 12 லட்சம். அதாவது உறுதியான உயர்வு ஐந்தில் ஒரு பங்குதான். அந்த 14.5-க்குள்ளும் நிறுவனத்தின் பி.எஃப். பங்கும் கிராஜுவிட்டியும் சேர்ந்திருக்கின்றன. நிரந்தர ஊழியருக்கு கிராஜுவிட்டி பொதுவாக ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தால்தான் கிடைக்கும். இவற்றைக் கழித்து மாதம் கைக்கு வருவது எவ்வளவு என்று என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். இந்தக் கணக்கு ஒரு மணி நேர வேலைதான். முழு வாரம் கிடைத்தும் இதைப் பார்க்காமல் கையெழுத்திடுபவர்களை நிறையப் பார்க்கிறேன்.

திங்கள் காலை பதினொரு மணிக்கு போன் செய்தார். வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார். 'மேடம், மெயில்ல எழுதறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லணும்னு நினைச்சேன். ஆட்டோமேஷன் பக்கம் போகணும்னு ஆசை, இந்த ரோல்ல அது கம்மியா இருக்கு. சம்பளத்துக்காக இல்ல, அதனால தொகையைக் கூட்டிக் கேட்க மாட்டேன்.' பிறகு இரண்டு வரியில் மெயில் வந்தது. ஐந்து மணி வரை நேரம் இருந்தும் பதினொன்றுக்கே சொன்னதால், காத்திருந்தவரை அன்று மதியமே அழைத்துப் பேச முடிந்தது. எனக்கு வருத்தம் இருந்தது, கோபம் துளியும் இல்லை. அவர் பெயருக்கு எதிரே எங்கள் பட்டியலில் 'ஆட்டோமேஷன் இடம் வந்தால் முதலில் அழைக்கவும்' என்று எழுதி வைத்தேன்.

இதற்கு நேர்மாறாக, கெடுவுக்குப் பயந்து சனிக்கிழமை 'சரி' என்று கையெழுத்திட்டு, செவ்வாய்க்கிழமை நேர்காணலுக்கும் போய், இரண்டு மாதம் கழித்து விலகியிருந்தால்? எத்தனை மன்னிப்புக் கேட்டாலும் அந்தக் குறிப்பு வேறு மாதிரிதான் இருந்திருக்கும். நேரம் கேட்டு மறுப்பவரை நாங்கள் மறந்துவிடுவதோ மறுபடி அழைப்பதோ உண்டு. ஏற்றுக்கொண்டு கைவிடுபவரை மறப்பதில்லை.

சில இடங்களில் கடிதம் கூடத் தராமல், 'இப்பவே போன்ல சரின்னு சொல்லுங்க, அப்பத்தான் லெட்டர் ரிலீஸ் பண்ணுவோம்' என்பார்கள். அங்கே சொல்ல வேண்டியது: 'வாய்ப்பில் எனக்கு விருப்பம் இருக்கு. கடிதத்தை அனுப்புங்க, வந்த அடுத்த வேலை நாள் மாலைக்குள் பதில் தர்றேன்.' இதற்கும் சம்மதிக்காமல் நெருக்கினால், சேர்ந்த பிறகு அங்கே லீவு கேட்பது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கையெழுத்தான கடிதம் உங்கள் மெயிலுக்கு வந்து சேரும் வரை, இப்போதைய வேலையில் ராஜினாமா கடிதத்தை மட்டும் அனுப்பாதீர்கள்.