‘அடுக்குவோம்’ என்பதைத் திருத்த வேண்டாம்

கோவில்பட்டி கரிசல் ஊர்களின் இளம் தோழர்கள் எழுதும் தன்கதைக் கட்டுரைகளைத் திருத்தும்போது, நாங்கள் முதலில் வினைமுற்றுகளுக்கு மட்டும் அடிக்கோடு போடுகிறோம். காலமும் ஆளும் பெரும்பாலும் அங்கேதான் தெரியும். மாதிரிக்கு ஒரு பத்தி:

“பள்ளி விட்டதும் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குவோம். ஒருநாள் கணக்கப்பிள்ளை சாதி சொல்லித் திட்டினார். அவள் தலைகுனிந்து நிற்கிறாள். நாம் எதுவும் பேசவில்லை.”

‘அடுக்குவோம்’ எதிர்கால வடிவம்தான். ஆனால் தமிழில் அது முன்பு வழக்கமாகச் செய்ததையும் சொல்லும். ‘அடுக்கினோம்’ என்று மாற்றினால் தினசரி வேலை ஒருநாள் வேலையாகச் சுருங்கிவிடும். அது அப்படியே இருக்கட்டும்.

‘ஒருநாள்’ என்றதும் தனிச் சம்பவம் தொடங்குகிறது. ‘திட்டினார்’ என்று தொடங்கியதால் ‘நிற்கிறாள்’ என்பது ‘நின்றாள்’ ஆக வேண்டும்.

அந்த ‘அவள்’ யார்? எழுதியவரே என்றால் ‘நான் நின்றேன்’. கூட வேலை பார்த்த பிள்ளையாகவும் இருக்கலாம். எழுதியவரைக் கேட்காமல் மாற்றக் கூடாது.

‘பேசவில்லை’ என்பதில் ஆள் விகுதி கிடையாது. அங்கே எழுவாயைப் பார்க்க வேண்டும். ‘நாம்’ வாசகரையும் உள்ளே இழுக்கிறது. அன்று அங்கே நின்றது ‘நாங்கள்’.

பாமாவின் ‘கருக்கு’ (1992) ‘நான்’, ‘நாங்க’ இரண்டிலும் நகர்கிறது. யார் பேசுகிறார் என்பது தெரிந்தால் ஆள் மாறலாம்.